யாருக்கு டிஸ்சார்ஜ்?

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் என்றால் நோயாளி வீட்டுக்குப் போகிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டிஸ்சார்ஜ் என்றால் டாக்டர் வீட்டுக்குப் போகிறார். நோயாளி கட்டிலிலேயே கிடக்கிறார். கையில் ஒரு காகிதம் மட்டும் மிஞ்சுகிறது. அதில் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்: எனக்குப் பூரண குணம், இனி ஒரு மாத்திரைகூடக் கேட்க மாட்டேன்.

அந்தக் காகிதத்தின் பெயர் டிஸ்சார்ஜ் வவுச்சர். கூடவே ஒரு அடைமொழி: ஃபுல் அண்ட் ஃபைனல். பணம் அரைகுறை. காகிதம் மட்டும் முழுமை.

பெங்களூரில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. ஆட்டோவில் மீட்டருக்கு மேல் கேட்டாலும், பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் உட்கார்ந்தாலும், இந்த ஊர் சொல்லும் மந்திரம் ஒன்றுதான்: ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி. கொஞ்சம் ஒத்துப்போங்கள். அதையே வக்கீல் இங்கிலீஷில் எழுதி, அடியில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்புக்குக் கட்டம் போட்டால் டிஸ்சார்ஜ் வவுச்சர் தயார்.

என் மைத்துனன் பெல்லந்தூர்ப் பக்கம் பிளைவுட் கடை வைத்திருக்கிறான். பெல்லந்தூர் ஏரி தெரியுமல்லவா? நுரை பொங்கி ரோட்டுக்கு வந்த ஏரி. தீப்பிடித்து எரிந்த ஏரி. தண்ணீர் எரிகிற ஊரில் கடை போடுகிறவன் தீக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்துத்தான் பாலிசி எடுக்க வேண்டும். எடுத்தான். சரக்குக்கு 30 லட்சம். பாலிசியின் பெயர் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. குறுந்தொழில் செய்கிறவனுக்கு நாடே கொடுக்கும் பாதுகாப்பு என்று பொருள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதித் தண்ணீர் வடிந்துவிடும்.

2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மழை. மறுநாள் காலை ஊர் பார்த்ததை நாடும் பார்த்தது. சாப்ட்வேர்க்காரர்கள் லேப்டாப் பையோடு டிராக்டரில் ஆபீஸ் போனார்கள். கோடிக்கணக்கில் விலைபோகும் வில்லாக்களுக்குள் படகு போயிற்று. மழைநீர் ஓட வேண்டிய ராஜகால்வாய்களை அடைத்துக் கட்டடம் எழுப்பியவர்கள் மேல்மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். என் மைத்துனன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிளைவுட்டை எண்ணிக்கொண்டிருந்தான். பிளைவுட் ஊறினால் அடுக்கு அடுக்காகப் பிரியும். அதற்கப்புறம் அது பலகை அல்ல, அப்பளம்.

16 லட்ச ரூபாய்க்கு கிளெய்ம் போட்டான். சர்வேயர் வந்தார், போட்டோ எடுத்தார், ஸ்டாக் லிஸ்ட் கேட்டார், போனார். தீபாவளி போயிற்று. பொங்கல் போயிற்று. பேங்க் மேனேஜர் மட்டும் தவறாமல் வந்தார். சரக்கின் மேல் கேஷ் கிரெடிட் கொடுத்தவர் அவர்தான். சரக்கு ஊறிப்போனாலும் வட்டி ஊறுவதில்லை.

மார்ச் மாதம் மூன்றாவது வாரம் கம்பெனி திடீரென்று சுறுசுறுப்பானது. ஒரு மெயில். அதோடு ஒரு வவுச்சர். தொகை 9,37,500 ரூபாய். பின்னாலேயே ஒரு போன்.

“சார், ஸ்டாம்பு ஒட்டி சைன் பண்ணி இன்னைக்கே ஸ்கேன் அனுப்பிடுங்க. தேதி போட வேணாம், நாங்க போட்டுக்கிறோம். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள ஃபைல் குளோஸ் ஆகணும்.”

ஆறு மாதம் தூங்கிய ஃபைலுக்கு ஒரே நாளில் விடிய வேண்டுமாம். வெள்ளம் மைத்துனனுக்கு வந்தது. அவசரம் கம்பெனிக்கு வந்தது.

அவன் எனக்கு போன் செய்தான். “மாமா, பேங்க்காரர் கழுத்தைப் பிடிக்கிறார். ஒன்பது லட்சமாவது வருதே, போட்டுக் கொடுத்துடலாமா?”

எதில் போடப் போகிறாய், வாசித்துக் காட்டு என்றேன்.

வாசித்தான். இந்த நஷ்டம் தொடர்பாக, மேற்படி பாலிசியின்கீழ், நேரடியாகவோ மறைமுகமாகவோ, இப்போதோ இனி எப்போதோ எழக்கூடிய எல்லா உரிமைக் கோரிக்கைகளுக்கும் முழுமையான, இறுதியான தீர்வாக இந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டேன். இதை என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கொடுக்கிறேன். இவ்வளவுதான். நான்கு வரி.

அந்த நான்கு வரியில் நான்கு பொய். பெற்றுக்கொண்டேன் என்கிறது, இன்னும் ஒரு பைசா வரவில்லை. முழுமை என்கிறது, கேட்டது 16 லட்சம். சொந்த விருப்பம் என்கிறது, விரும்பியவர் பேங்க் மேனேஜர். வற்புறுத்தல் இல்லை என்கிறது, அந்த வரியை எழுதியவரே ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை போன் செய்துவிட்டார். கோர்ட்டில் பொய் சொன்னால் ஜெயில். இங்கே பொய்யில் கையெழுத்துப் போடாவிட்டால்தான் தண்டனை.

தொகை எப்படி வந்தது என்று வவுச்சரில் ஒரு எழுத்து இல்லை. மளிகைக் கடையில் கால் கிலோ துவரம்பருப்புக்குக்கூட பில் தருகிறார்கள். 16 லட்சம் 9 லட்சமாகச் சுருங்கியதற்கு பில் கிடையாது. சர்வே ரிப்போர்ட்டின் நகல் வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று மெயில் போடச் சொன்னேன். மறுமுனையில் ஒரு திகைப்பு. “அதெல்லாம் இன்டர்னல் சார்.” இன்டர்னல் அல்ல. பாலிசிதாரர் கேட்டால் கொடுக்க வேண்டிய காகிதம் அது. இரண்டாவது மெயிலுக்கு வந்தது.

கணக்கைப் பாருங்கள். பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மார்ச் முப்பத்தொன்று.

16 லட்சத்தில் பழைய சரக்கு என்று 2 லட்சம் கழித்திருந்தார் சர்வேயர். அது நியாயம். மழைக்கு முன்பே ஓரம் பிரிந்து கிடந்த பலகைகள் அவை, மைத்துனனே ஒப்புக்கொண்டான். நனைந்த சரக்கை அடுப்புக்கும் பேக்கிங்குக்கும் விற்றால் கிடைக்கும் சால்வேஜ் 1,50,000. அதுவும் சரி. மிச்சம் 12,50,000. எக்ஸஸ் என்று பாலிசியில் கழியும் சிறு தொகை உண்டு, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அடுத்த வரியில்தான் கத்தி. வெள்ளத்தன்று கடையில் இருந்த மொத்தச் சரக்கின் மதிப்பு 40 லட்சம். பாலிசியோ 30 லட்சத்துக்கு. நாற்பதுக்குக் காப்பீடு வாங்க வேண்டியவன் முப்பதுக்கு வாங்கியிருக்கிறான், ஆகவே நஷ்டத்திலும் நாற்பதில் முப்பது பங்குதான் தருவோம். இதற்கு அண்டர் இன்ஷூரன்ஸ் என்று பெயர். 12,50,000-ல் முக்கால் பங்கு 9,37,500. வவுச்சரில் இருந்த தொகை.

விதி நியாயமான விதிதான். பாதி பிரீமியம் கட்டிவிட்டு முழு நஷ்டம் கேட்பவனுக்கு அப்படித்தான் கொடுக்க முடியும். ஆனால் இந்த பாலிசியில் ஒரு சலுகையும் அச்சாகியிருக்கிறது. குறைபாடு 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டு கிடையாது. 25 சதவீதம் என்பதால்தான் வெட்டினார்கள்.

சரி, அந்த 40 லட்சம் எங்கிருந்து வந்தது? டேலியிலிருந்து. டேலியில் இருந்தது, கடையில் இல்லை. ஆகஸ்ட் 30 அன்று ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடி வேலைக்கு 6 லட்ச ரூபாய் பிளைவுட் லாரியில் போய்விட்டது. பில் உண்டு, சலான் உண்டு, இறக்கிக்கொண்டவர் கையெழுத்து உண்டு. மறுநாள் கணேச சதுர்த்தி. கணக்கு எழுதுகிறவர் ஊருக்குப் போய்விட்டார். டேலியில் ஏற்றவில்லை. அவர் திரும்பி வருவதற்கு முன் வெள்ளம் வந்துவிட்டது. சர்வேயர் திரையில் பார்த்த 6 லட்சம் கடையில் நனையவும் இல்லை, இருக்கவும் இல்லை.

ஆக, உண்மைச் சரக்கு 34 லட்சம். பாலிசி 30 லட்சம். குறைபாடு 12 சதவீதத்துக்கும் கீழே. வெட்டே கிடையாது. வர வேண்டியது 12,50,000. வவுச்சரில் இருப்பது 9,37,500. வித்தியாசம் 3,12,500.

பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை படைக்கப் போன கணக்கருக்காக மூன்று லட்சம். ஒரு ரூபாய் ஸ்டாம்பு ஒட்டினால் மூன்று லட்சம் காலி. இப்படி ஒரு மாற்று விகிதத்தை எந்த நாட்டு நாணயத்திலும் நான் பார்த்ததில்லை.

யாரும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். சர்வேயர் திருடரில்லை, கையில் கிடைத்த லிஸ்ட்டை நம்பினார். தவறு நடந்தால் திருத்தலாம். ஆனால் தவறு வெளியே தெரிவதற்கு முன்பே அதற்குச் சமாதி கட்டி, மேலே நம் கையாலேயே பெயர் பொறிக்கச் சொல்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் கோபம் வருகிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? சட்டம் 1872-லேயே யோசித்துவிட்டது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் வெள்ளைக்காரன் ஓர் உதாரணமும் எழுதி வைத்திருக்கிறான். ஒருவன் 5,000 ரூபாய் தர வேண்டும். 2,000 கொடுக்கிறான். வாங்குகிறவன் முழுக் கடனுக்கும் ஈடாக அதை ஏற்றுக்கொள்கிறான். கடன் தீர்ந்தது. அவ்வளவுதான். மூவாயிரம் எங்கே என்று பிறகு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்வது என்றால் மனதார ஏற்றுக்கொள்வது. கழுத்தை நெரித்து வாங்கியிருந்தால் அதே சட்டத்தின் வேறு பிரிவுகள் காப்பாற்றும். நெரித்ததை நீங்கள் நிரூபித்தால்.

அந்த ‘நிரூபித்தால்’ என்ற சொல்லில்தான் முப்பது வருஷ வழக்குகள் தொங்குகின்றன.

1999-ல் அஜ்மேர் சிங் காட்டன் மில் வழக்கு. எதிர்த்தரப்பு யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ், நம்ம சென்னைக் கம்பெனிதான். வவுச்சரில் கையெழுத்துப் போட்டதாலேயே நுகர்வோரின் வாயை அடைத்துவிட முடியாது, மோசடியாலோ நிர்ப்பந்தத்தாலோ வாங்கப்பட்டது என்று காட்டினால் மேற்கொண்டு கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். கைதட்டுவதற்கு முன் மீதியையும் படியுங்கள். காட்ட முடியாதவர்களுக்கு அந்தத் தீர்ப்பிலேயே ஒன்றும் கிடைக்கவில்லை.

2008 செப்டம்பரில் போகாரா பாலிஃபேப் வழக்கு. சூரத் கம்பெனி. இவர்களுக்கும் வெள்ளம்தான், 2004 ஆகஸ்ட் மழை. சர்வேயர் முதலில் சொன்ன தொகை பிறகு இளைத்தது. கம்பெனி பணமுடையில் தவித்தது. நேஷனல் இன்ஷூரன்ஸ் வவுச்சர் நீட்டியது. தேதி போடாமல், பணம் வருவதற்கு முன்பே, கையெழுத்து. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன். உச்ச நீதிமன்றம் போவதற்கு முன் கர்நாடக உயர் நீதிமன்றத்தில், நம்ம பெங்களூரில் உட்கார்ந்திருந்தவர். இந்த ஊரின் அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் அவருக்கு அத்துப்படி என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அவர் தீர்ப்பில் உதாரணங்களாகவே எழுதிக் காட்டினார். ஓர் உதாரணத்தில் பத்து லட்சம் கேட்கிற ஒப்பந்தக்காரருக்கு ஆறு லட்சம்தான் என்கிறார்கள். ஃபுல் அண்ட் ஃபைனல் என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்த ஆறும் வரும். அவர் பணமுடையில் கையெழுத்துப் போடுகிறார். இது நிர்ப்பந்தம், செல்லாது. அடுத்ததில் ஒரு பாலிசிதாரர். குறைந்த தொகைக்கு வவுச்சர் கொடு, இல்லாவிட்டால் மொத்தமும் நிராகரிப்பு என்று பேச்சுவாக்கில் சொல்கிறார்கள். தேதியில்லாத வவுச்சரில் போடுகிறார், சில நாள் கழித்துப் பணம் வருகிறது. இதுவும் செல்லாது. இன்னொருவர் வழக்கு வேண்டாம், தொல்லை வேண்டாம் என்று தானே முன்வந்து தொகையைக் குறைத்துக்கொண்டு வாங்குகிறார். அவருக்கும் பணமுடை இருந்திருக்கலாம். ஆனால் மிரட்டல் இல்லை, முடிவு அவருடையது. இது செல்லும். கதை முடிந்தது.

பணம் தருவதற்கு முன்பே தேதியில்லாத ரசீது வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் முறையற்றது, சட்டவிரோதமானது என்றும் நீதிபதி கண்டித்தார். கண்டித்து எத்தனை வருஷம்? “தேதி போட வேணாம் சார், நாங்க போட்டுக்கிறோம்” என்று 2023 மார்ச்சில் என் மைத்துனனுக்கு போன் வருகிறது. தேதியில்லாத காகிதத்துக்கு வயசே ஆகாது போலிருக்கிறது.

இந்தத் தீர்ப்பை நம்பிக் குஷியாகக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இன்னொரு தீர்ப்பு காத்திருக்கிறது. ஜீனஸ் பவர் கம்பெனி. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கொடுத்தது ஐந்தரைக் கோடிக்கு மேல். 2011 மார்ச் 11 அன்று கையெழுத்து. மார்ச் 31 அன்று, நிர்ப்பந்தத்தில் போட்டேன் என்று கடிதம். இடையே ஏறக்குறைய மூன்று வாரம் மௌனம். 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கேட்டது: நிர்ப்பந்தம் என்றால் என்ன நிர்ப்பந்தம்? பணக்கஷ்டம் என்பதற்கு ஆதாரம் எங்கே? இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை? வெறும் வாய்வார்த்தை போதாது. போய் வாருங்கள்.

இரண்டு கம்பெனிகளும் ஒரே மாதிரிக் காகிதத்தில்தான் போட்டன. ஒருவருக்குக் கதவு திறந்தது, ஒருவருக்கு மூடியது. அதிலும் போகாராவுக்குத் திறந்தது பெட்டகம் அல்ல, மத்தியஸ்தரின் அறைக்கதவு. எவ்வளவு பாக்கி என்பதை அங்கே போய்ச் சண்டை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூலையில் கிரிஷ் ஸ்பின்னிங் வழக்கிலும் அதே கதை. வவுச்சர் இருக்கிறது என்பதற்காக மத்தியஸ்தத்துக்குப் போவதைத் தடுக்க முடியாது, விவகாரம் நிஜமாகவே தீர்ந்துவிட்டதா என்பதை மத்தியஸ்தரே பார்ப்பார் என்றது உச்ச நீதிமன்றம். 2018-ல் எரிந்த பஞ்சுக்கு 2024-ல் கிடைத்த பதில், எங்கே போய்க் கேட்பது என்பதுதான். எப்போது கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. அதற்கு இன்னொரு ஆறு வருஷமா என்று கேட்காதீர்கள், எனக்குத் தலை சுற்றுகிறது.

நடுவில் ஒழுங்குமுறை ஆணையமும் ஒன்று செய்தது. ஐஆர்டிஏஐ, 2015 செப்டம்பர் 24 தேதியிட்ட சுற்றறிக்கை. பொறுப்பும் தொகையும் முடிவாகிவிட்டால் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. வவுச்சரில் கையெழுத்துப் போட்டாலும் கூடுதல் தொகை கேட்டு நீதிமன்றம் போகும் உரிமை பறிபோகாது. அழகான வாசகம். அந்த வாசகத்தை வவுச்சரிலேயே அச்சடிக்கச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சுற்றறிக்கை என்பதால் அது ஹைதராபாத்திலிருந்து கிளம்பிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மைத்துனன் கடைக்கு வந்து சேரவில்லை.

ஆக, கையெழுத்து உரிமையைக் கொன்றுவிடாது. ஆனால் பாரத்தை இடம் மாற்றிவிடும். போடுவதற்கு முன், ஏன் குறைத்தாய் என்று கம்பெனி பதில் சொல்ல வேண்டும். போட்ட பிறகு, ஏன் போட்டாய் என்று நீங்கள் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கிற இடத்திலிருந்து பதில் சொல்கிற இடத்துக்கு ஒரே கையெழுத்தில் தள்ளிவிடுகிறார்கள்.

இப்போதெல்லாம் கையெழுத்துக்கூட வேண்டாம். மெயிலில் ஒரு லிங்க், ஒரு டிக், ஒரு ஓடிபி. ‘செட்டில்மென்டுக்குச் சம்மதம் தெரிவிக்கவும்.’ மெயிலில் ஓகே என்று இரண்டு எழுத்து தட்டினால் தீர்ந்தது. வாசிக்காமல் டிக் அடிப்பதில் நமக்கு நல்ல பயிற்சி உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். கார் ஒர்க்ஷாப்பில் வண்டிச் சாவி கொடுக்கும்போது நீட்டுகிறார்களே ஒரு சாடிஸ்ஃபேக்‌ஷன் வவுச்சர், அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்கு முன்பே திருப்தி.

மைத்துனன் என்ன செய்தான் என்று சொல்கிறேன். வவுச்சரை ஓரமாக வைத்தான். ஒரு மெயில் எழுதினான். வக்கீல் வைக்கவில்லை. 9,37,500 ரூபாயில் எனக்கும் உங்களுக்கும் தகராறு இல்லை, அதை உடனே பேங்க் கணக்குக்கு அனுப்புங்கள். அண்டர் இன்ஷூரன்ஸ் என்று 3,12,500 கழித்ததை நான் ஏற்கவில்லை. காரணம் இது, பில் இது, சலான் இது. என் கேஷ் கிரெடிட் கணக்கு வரம்பு மீறிவிட்டது, பேங்க் நோட்டீஸ் நகல் இணைத்திருக்கிறேன். இந்த நிலைமையில் ஃபுல் அண்ட் ஃபைனல் என்று கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று போனில் சொல்கிறீர்கள். அப்படியென்றால் எழுத்தில் சொல்லுங்கள்.

கடைசி வரி என்னுடையது. போனில் சிங்கமாக இருக்கிறவர்கள் மெயிலில் பூனையாகிவிடுவார்கள். எழுதச் சொன்னால் எழுத மாட்டார்கள்.

தேதியைக் கவனியுங்கள். இந்த மெயில் கையெழுத்துக்கு முன்னால் போனது. ஜீனஸ் வழக்கில் இல்லாமல் போனது இதுதான். ஒருவேளை அவன் பிறகு கையெழுத்துப் போட நேர்ந்திருந்தாலும், என்ன நிர்ப்பந்தம் என்ற கேள்விக்குப் பேங்க் நோட்டீஸ் பதில் சொல்லும், ஏன் வாயைத் திறக்கவில்லை என்ற கேள்விக்கு மெயில் பதில் சொல்லும். கெஞ்சிக் கேட்ட கடிதத்தைக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்து அழிக்கிறவர்கள் உண்டு. அழிக்காதீர்கள். உங்கள் கஷ்டத்துக்கு அதுதான் சாட்சி.

மூன்று நாள் கழித்து பதில் வந்தது. “எங்கள் சிஸ்டத்தில் பகுதித் தொகைக்கு ஆப்ஷன் இல்லை.” வெட்டுவதற்கு மட்டும் சிஸ்டத்தில் ஆப்ஷன் இருக்கிறது. சரி, வவுச்சரிலேயே ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்பதை அடித்துவிட்டு, ‘தகராறில்லாத பகுதித் தொகை, ஆட்சேபத்துடன், மீதிக்கான உரிமைக்குப் பாதகமின்றி’ என்று கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, அதே நாளில் மெயிலிலும் ரிஜிஸ்டர் தபாலிலும் அனுப்பினான். ஃபார்மைக் கெடுத்துவிட்டீர்களே என்று போனில் ஒரே புலம்பல். கடையே கெட்டுப்போயிருக்கிறது, இவர்களுக்கு ஃபார்ம் கெட்டுப்போனது வருத்தம்.

பணம் வந்தது. மார்ச் முப்பதாம் தேதி. ஃபைலை மூட வேண்டிய அவசரம் இந்த முறை நம் பக்கம் நின்று வேலை செய்தது.

மீதிக்கு, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன். பெங்களூரில் அந்த அலுவலகம் ஜே.பி. நகர் ஜீவன் சௌதாவில் இருக்கிறது. பீஸ் கிடையாது, வக்கீல் கிடையாது, குறுந்தொழில்காரர்களும் போகலாம். கம்பெனி கைவிரித்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அப்போது 30 லட்சம் வரையிலான தகராறைத்தான் எடுப்பார்கள், பிறகு அதை 50 லட்சமாக்கினார்கள். அதைத் தாண்டியவர்களுக்கு நுகர்வோர் ஆணையம், அங்கே இரண்டு வருஷக் கெடு. ஆனால் ஒன்று. பிளைவுட் நல்லது, சர்வேயர் பொல்லாதவர் என்று எங்கே போய் அழுதாலும் பயனில்லை. லாரி சலான் மாதிரி ஒன்று கையில் இருக்க வேண்டும். மைத்துனன் அந்த 2 லட்சம் பழைய சரக்குக்கும் சேர்த்து அடம் பிடித்திருந்தால், மூன்று லட்சத்தின் கதையும் அதோடு குழம்பிப் போயிருக்கும்.

விசாரணை நாளன்று கம்பெனி சார்பில் வந்தவர் சலானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எங்களிடம் முதலிலேயே கொடுக்கப்படவில்லை என்றார். கேட்கப்படவில்லை என்றான் மைத்துனன். மார்ச்சில் அனுப்பிய மெயிலை எடுத்து நீட்டினான். சலான் அதில் இணைப்பாக உட்கார்ந்திருந்தது. சமரசமாகப் போய்விடலாம் என்றார் வந்தவர். 3,12,500 தர ஒப்புக்கொண்டார்கள். தவறு சர்வே ரிப்போர்ட்டில் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று அப்போதுதான் அவர்களும் படித்தார்கள் என்று நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்து மைத்துனனிடமிருந்து போன்.

“மாமா, பாக்கிப் பணத்துக்கு ஒரு ஃபார்ம் அனுப்பியிருக்காங்க.”

“என்ன ஃபார்ம்?”

“டிஸ்சார்ஜ் வவுச்சர். ஃபுல் அண்ட் ஃபைனல். தொகை எழுதற இடம் காலியா இருக்கு. தேதியை அவங்களே போட்டுக்கறாங்களாம்.”

“நீ என்ன சொன்னே?”

“தொகையையும் தேதியையும் நானே எழுதிட்டேன். இப்ப மூணாவது தடவையா படிச்சிக்கிட்டிருக்கேன்.”

ஸ்டாம்பு ஒட்டிவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றான்.